பூபாலன் வைத்த பொட்டு

என் மச்சான் பூபாலனைப் பற்றி யாராவது குறை சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவரைக் குறை சொல்லும் உரிமையை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. என் அக்கா விஜயகுமாரியைக் கட்டிக்கொண்டு இருபது வருசமாக அவர் செய்து வரும் காரியங்களைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். சொல்வதென்றால் நான்தான் சொல்ல வேண்டும்.

மச்சான் முன்பு அவிநாசி ரூட்டில் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். டிக்கெட் கொடுப்பதைவிடக் கடிதம் எழுதுவதில்தான் அவருக்குப் பேர். ஒரு நாள் லீவுக்கு முதலாளிக்கு இரண்டு பக்கம் எழுதுவார். காய்ச்சல் என்று ஒரு வார்த்தையில் முடிகிற விசயத்துக்குப் பருவநிலை மாற்றத்தில் ஆரம்பித்து, முதலாளி வீட்டுக் குழந்தைகளின் படிப்பை விசாரித்து, கடைசி வரியில்தான் லீவு கேட்பார். முதலாளி கடைசி வரிக்கு வருவதற்குள் லீவு முடிந்திருக்கும். கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கும், அதை இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

அக்கா அப்படி இல்லை. சேவூரில் இருந்து கம்பெனி வேனில் திருப்பூருக்கு வந்து, செக்கிங்கில் நின்று, ஓவர்லாக் பழகி, டெய்லராகிப் பதினைந்து வருசம் பிறத்தியார் கம்பெனியில் தைத்துவிட்டு, முதலிபாளையத்தில் ஒரு ஷெட்டைப் பிடித்துச் சொந்தமாகக் குழந்தைகள் பனியன் போட ஆரம்பித்தவள். பதினாலு மிஷின். பேச்சு அளந்துதான் வரும். மச்சானும் பஸ் வேலையை விட்டுவிட்டு அவளுக்குத் துணையாக வந்து சேர்ந்தார். துணி எடுப்பது, தைப்பது, ஆளை வைத்து வேலை வாங்குவது எல்லாம் அக்கா. பில் எழுதுவது, கடிதம் எழுதுவது, சாமி கும்பிடுவது மச்சான். எனக்குச் சொந்தமாக ஒரு குட்டியானை லோடு வண்டி. சரக்கைக் காதர்பேட்டை பனியன் மார்க்கெட்டில் கொண்டுபோய் இறக்குவது என் வேலை.

இந்த வருசம் ஆயுத பூசைக்கு முன்னால் எங்கள் எல்லார் தலையிலும் ஒரே ஒரு கவலை இருந்தது. காதர்பேட்டை அமானுல்லா பாய் கடைக்கு எங்களையும் சேர்த்து மூன்று யூனிட்கள் குழந்தைகள் பனியன் கொடுத்துக்கொண்டிருந்தன. தீபாவளிச் சரக்கு வந்து சேர்ந்ததும் மூன்றில் ஒன்றைக் கழித்துவிட்டு, மீதி இரண்டுக்கும் தை மாதத்தில் இருந்து வருசம் முழுக்க ஓடுகிற ஆர்டர் தரப்போவதாகப் பாய் சொல்லியிருந்தார். கிடைத்தால் பதினாலு மிஷினும் வருசம் முழுக்க ஓடும். கிடைக்காவிட்டால் நாலு மாதம் ஓடி எட்டு மாதம் மூடி வைக்க வேண்டியதுதான். தீபாவளிச் சரக்கை யார் ஒழுங்காகக் கொடுக்கிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் முடிவு.

ஆர்டர் ஐந்நூறு பெட்டி. வெள்ளைப் பனியன், ஐம்பதில் இருந்து எழுபது வரை ஐந்து சைஸ், சைஸுக்கு நூறு பெட்டி, பெட்டிக்குப் பத்துப் பீஸ். ஆயுத பூசைக்கு முந்தின நாளே தைத்து, அயர்ன் போட்டு முடித்துவிட்டாள் அக்கா. மூன்று சைஸ் பெட்டிக்குள் போய்விட்டது. அறுபதுக்கும் அறுபத்தைந்துக்கும் மட்டும் அச்சகத்தில் இருந்து பெட்டி வராததால், பத்துப் பத்தாக மடித்து அடுக்கி டேபிள் மேலேயே வைத்திருந்தார்கள். பூசை முடிந்து, விஜயதசமி லீவும் முடிந்து, வெள்ளிக்கிழமை வந்து பெட்டியில் போட்டால் சனிக்கிழமை வண்டி ஏற்றிவிடலாம்.

பூசையன்று அக்கா வாசலில் நின்று ஆட்களுக்குப் பொரிப் பையும் ஸ்வீட்டும் கொடுத்துக்கொண்டிருந்தாள். மச்சான் உள்ளே தட்டோடு சுற்றினார். கிண்ணத்தில் மஞ்சளும் சந்தனமும் தண்ணீர் விட்டுக் குழைத்தது. இன்னொன்றில் குங்குமம். மிஷினுக்கெல்லாம் வைத்தார். கட்டிங் கத்தரிக்கு, அயர்ன் பாக்ஸுக்கு, ஸ்விட்ச் போர்டுக்கு, என் வண்டியின் நாலு டயருக்கும் ஸ்டெப்னிக்கும் வைத்தார். சரக்கு அடைத்து வைத்த அட்டைப்பெட்டி மேலும் வைத்தார். அதோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. மிச்சம் நிறையக் கிண்ணத்தில் இருக்கிறதே என்று, டேபிள் மேல் அடுக்கியிருந்த வெள்ளைப் பனியன் கட்டு ஒவ்வொன்றையும் எடுத்து, நடு நெஞ்சில் ஈரச் சந்தனம் தாராளமாக அப்பி, அதன் மேல் குங்குமம் வைத்து, ஒன்றின் மேல் ஒன்றாகத் திரும்ப அடுக்கிவிட்டு, கற்பூரம் காட்டிக் கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

பூசையன்று பூட்டிய ஷெட்டை வெள்ளிக்கிழமை காலையில் திறந்தபோது நானும் இருந்தேன். அக்கா ஒரு கட்டை எடுத்தாள். மேல் பீஸில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சளும் சிவப்புமாக ஊறி இருந்தது. புரட்டினாள். கீழே இருந்த கட்டின் பொட்டு இதன் அடிப் பீஸில் அப்படியே ஒட்டியிருந்தது. அடுத்த கட்டு, அதற்கடுத்த கட்டு, எல்லாமே அப்படித்தான்.

“ஏனுங்க,” என்றாள் அக்கா.

எங்கள் பக்கத்தில் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். அக்காவின் குரலில் அன்றைக்கு இருந்த மரியாதையைக் கேட்டு நானே ரெண்டடி பின்னால் போய்விட்டேன்.

“ஏனுங்க, சரக்குக்கு ஆராவது பொட்டு வெப்பாங்களாங்க?”

“அதுதானுங்க அம்மிணி நம்மளுக்குச் சோறு போடுது. மிஷினுக்கு வெச்சுப்போட்டு, சோறு போடுற சரக்குக்கு வெக்காம உட்டா சாமி என்ன நெனைக்கும்?”

“சாமி நெனைக்கறத அப்பறம் பாக்கலாமுங்க. பாய் என்ன நெனைப்பாருங்க?”

மச்சான் அப்போதும் அசரவில்லை. இதெல்லாம் ஒரு சோப்பில் போய்விடும் என்று இரண்டு பீஸை எடுத்துக்கொண்டு தொட்டிக்கு ஓடினார். துணி சோப்பை நன்றாகப் போட்டுத் தேய்த்தார். மஞ்சளில் சோப்புப் பட்டால் சிவக்கும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை போலும். மஞ்சளாக இருந்த இடமெல்லாம் செக்கச்செவேல் என்று ஆனது. கையில் பிடித்துக்கொண்டு அவர் திரும்பி வந்ததைப் பார்த்தால், யாரையோ வெட்டிவிட்டு வந்தவரைப் போலிருந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அக்கா என்னைப் பார்த்த பார்வையில் அதுவும் அடங்கிவிட்டது.

“குங்குமச் சிமிழை எங்கிட்டக் குடுங்க,” என்றாள் அவரிடம். வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அதற்குப் பிறகு மச்சானோடு தொழில் பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை.

அன்று முழுக்கப் பொறுக்கினோம். கட்டுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று போக எட்டுப் பீஸ் சுத்தமாக இருந்தது. அதை எல்லாம் திரும்பப் பத்தாகச் சேர்த்ததில் அறுபதில் எண்பது பெட்டி, அறுபத்தைந்தில் எண்பது பெட்டி தேறியது. நாற்பது பெட்டி குறை. அக்கா அழவில்லை. மதியம் சோறும் தின்னவில்லை.

சனிக்கிழமை காலை வண்டியில் சரக்கை ஏற்றினோம். கூடவே கடிதம் போக வேண்டும். அமானுல்லா பாய் கடையில் அது ஒரு சட்டம். சரக்குக் குறைந்தால் போனில் சொன்னது செல்லாது, வாட்ஸ்அப் செல்லாது. லெட்டர்பேடில் எழுதி சலானோடு குத்திக் கொடுக்க வேண்டும். என்ன வந்தது, என்ன வரவில்லை, ஏன், எப்போது வரும் என்ற நாலும் அதில் இருந்தால்தான் வண்டியில் இருந்து பெட்டியை இறக்க விடுவார்.

கடிதம் என்றால் மச்சான்தானே! குற்றவாளியையே உட்கார வைத்துப் புகார் எழுதச் சொன்ன கதைதான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுதி முடித்துக் கணீரென்று படித்தார்.

“எல்லாம் வல்ல இறைவனின் திருவருளால் தாங்களும் தங்கள் அன்புக் குடும்பத்தாரும் நலமோடு வாழ விழைகிறோம். தாங்கள் எங்கள் மீது பொழிந்து வரும் ஆதரவு மழையில் நனைந்து வரும் நாங்கள், எதிர்பாராத இயற்கைச் சூழல் காரணமாக...”

“நிறுத்துங்க,” என்றாள் அக்கா. “இயற்கைச் சூழலுங்களா? குங்குமம் காத்துல பறந்து வந்து பனியன் மேல உக்காந்துச்சுங்களா?”

“இல்ல அம்மிணி, சுத்தி வளைச்சுச் சொன்னா மரியாதையா இருக்குமுன்னு...”

“நீங்க சுத்தி வளைக்கறதுக்குள்ள தீவாளி முடிஞ்சு போயிரும்.”

மச்சான் பேனாவை மூடினார், திறந்தார். மெதுவாக என் பக்கம் சாய்ந்தார். “மாப்ள, பிளீச்சிங்ல துணி லேட்டுன்னு எழுதிப்போடலாமா? திருப்பூர்ல அதை ஆரும் கேள்வி கேக்க மாட்டாங்க.”

அது என்னவோ உண்மைதான். எங்கள் ஊரில் சரக்குத் தாமதமானால் சொல்வதற்கென்றே நாலைந்து காரணங்கள் ரெடியாக இருக்கும். கரண்ட் இல்லை, டையிங்கில், பிளீச்சிங்கில் லேட், டெய்லர் கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்விட்டான், மாஸ்டருக்குக் காய்ச்சல். நானும் அதுதான் சரி என்றேன்.

அக்கா எங்கள் இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். “ஏண்டா இளங்கோ, அஞ்சு சைஸும் ஒரே துணி, ஒரே பிளீச்சிங். துணி லேட்டுன்னா அஞ்சும்ல குறையோணும்? அறுபதும் அறுபத்தஞ்சும் மட்டும் எப்புடிக் குறையும்? பாய் முப்பது வருசமா பனியன் விக்கறாரு. அவருகிட்டப் போயி இதைச் சொன்னா, காசு கூடக் கெடைச்சதுன்னு வேற ஆளுக்குத் தள்ளிப்போட்டோமுன்னு நெனைப்பாரு.”

எனக்குத் திக்கென்றது. அவள் சொன்னது சரி. குழந்தைகள் பனியனில் சட்டென்று விற்பது அறுபதும் அறுபத்தைந்தும்தான். தீபாவளி நேரத்தில் காதர்பேட்டையில் அந்த இரண்டு சைஸுக்கும் ரொக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வடக்கத்தி வியாபாரிகள் நிற்பார்கள். ஆர்டர் கொடுத்தவனுக்குக் கொஞ்சம் குறைத்துவிட்டு அவர்களிடம் தள்ளிவிடுவது சிலர் செய்கிற வேலை. மாட்டினால் அந்தக் கடை வாசலை அப்புறம் மிதிக்க முடியாது.

“அப்ப என்ன எழுதோணுமுங்க?” என்றார் மச்சான், குரல் இறங்கிப்போய்.

“நடந்ததை எழுதோணும். நான் சொல்றேன், நீங்க ஒரு வார்த்தை கூட்டாம எழுதுங்க.”

அக்கா சொன்னாள். மச்சான் எழுதினார். கூட்டாமல் எழுதுவது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. இரண்டு இடத்தில் பேனா தானாக ஓடப் பார்த்தது, அக்கா தொண்டையைச் செருமினாள், நின்றுவிட்டது. கடிதம் இதுதான்:

*அமானுல்லா பாய் அவர்களுக்கு வணக்கம்.*

*தாங்கள் ஆர்டர் கொடுத்தது குழந்தைகள் வெள்ளைப் பனியன் ஐந்து சைஸ், ஐந்நூறு பெட்டி. இன்று இளங்கோ வண்டியில் வருவது நானூற்று அறுபது பெட்டி. 50, 55, 70 சைஸ் மூன்றும் நூறு நூறு, முழுவதும் வந்துவிட்டது. 60 சைஸ் எண்பது. 65 சைஸ் எண்பது. பில்லும் சலானும் வருகிற நானூற்று அறுபதுக்கு மட்டுமே போட்டிருக்கிறோம். இதில் ஐந்து சைஸும் சேர்ந்த முழு செட் எண்பது கட்டலாம்.*

*குறைந்ததற்குக் காரணம்: பெட்டியில் போடாமல் டேபிளில் வைத்திருந்த 60, 65 சைஸ் கட்டுகளின் மேல் ஆயுத பூசையன்று எங்கள் கவனக்குறைவால் சந்தனம் குங்குமம் பட்டுக் கறையாகிவிட்டது. கறைப்பட்ட பீஸ் ஒன்றுகூட இதில் கலக்கவில்லை.*

*இரண்டாவது வண்டியில் வருவது: 60 சைஸ் இருபது பெட்டி, 65 சைஸ் இருபது பெட்டி. மொத்தம் நாற்பது. இதைத் தவிர வேறு பாக்கி இல்லை. இதே சரக்கோடு பிளீச்சிங் ஆனதில் மீதியிருக்கும் ஒரு ரோல் துணி திங்கட்கிழமை வருகிறது. ஒரு நாள் விரித்துப் போட்டுத்தான் வெட்ட வேண்டும், இல்லையென்றால் துவைத்ததும் அளவு சுருங்கிவிடும். அதனால் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குள் கடைக்கு வந்து சேரும். அதற்குத் தனி பில். வண்டி வாடகை எங்களுடையது.*

*இப்படிக்கு, விஜயகுமாரி.*

அக்கா வாங்கிப் படித்துக் கையெழுத்துப் போட்டாள். “எங்கள் கவனக்குறைவால்” என்ற இடத்தில் மச்சான் அவளைப் பார்த்தார். பேச்சு நின்றுபோயிருந்தாலும் வெளியாளிடம் அவர் பேரை அவள் எழுதச் சொல்லவில்லை. சலானோடு குத்தித் தருகிறேன் என்று கடிதத்தை வாங்கிக்கொண்டு மச்சான் ஆபீஸ் அறைக்குள் போனார். ஸ்டேப்ளர் அடிக்க இவ்வளவு நேரமா என்று நான் ஹாரன் அடித்த பிறகுதான் வெளியே வந்தார்.

காதர்பேட்டையில் தீபாவளி நேரத்து நெரிசலைப் பற்றிச் சொன்னால் எனக்கு இன்னொரு கோபம் வரும், அதை விடுங்கள். கடை முன்னால் வண்டியை நிறுத்தி, கடிதத்தைப் பாய் கையில் கொடுத்தேன். பக்கத்தில் அவர் மகன் அஃப்னான் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தான். இப்போது வாங்கல் கணக்கெல்லாம் அவன் பார்ப்பதுதான்.

பாய் மேலே இருந்து கீழே வரை படித்தார். கடைசியில் அவர் உதடு துடித்தது. கண்ணாடியைக் கழற்றினார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார் பாருங்கள், வயிறு குலுங்கக் குலுங்க. கடைப் பையன்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

“அத்தா, எதுக்கு இப்புடிச் சிரிக்கறீங்க?”

“கடைசியில பாரு, படி.”

அஃப்னான் வாங்கிச் சத்தமாகப் படித்தான். அக்காவின் கையெழுத்துக்குக் கீழே, முத்து முத்தான எழுத்தில் இன்னும் மூன்று வரி இருந்தது. *கவனக்குறைவு என்று மேலே எழுதியிருப்பது என்னுடையது. பொட்டு வைத்தவன் நான். விஜயகுமாரிக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. பூபாலன்.*

பஸ்ஸில் சில்லறை குறைந்தால்கூட அது பயணியின் தவறு என்று சாதித்த மனிதர். இருபது வருசத்தில் ‘நான் தப்புப் பண்ணினேன்’ என்று அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. எழுதியதிலும் அதுதான் முதல் தடவை, அதுவும் சுத்தி வளைக்காமல்.

அஃப்னான் சிரிக்கவில்லை. “அத்தா, நல்லாத்தான் எழுதியிருக்காங்க. ஆனா குறைஞ்சது எதுன்னு பாருங்க. அறுபதும் அறுபத்தஞ்சும். ரெண்டும் ஓடுற சைஸு. மத்ததெல்லாம் கரெக்டா நூறு. குங்குமத்துக்கும் எது ஓடுற சைஸுன்னு தெரியுமா?”

“தம்பி, சத்தியமாச் சொல்றேன், எங்கண்ணாலப் பாத்தேன்,” என்றேன். எனக்குச் சுள்ளென்று வந்தது. “பெட்டி வராம டேபிள்ல கெடந்தது அந்த ரெண்டும்தான். வேற ஆளுக்குத் தள்ளோணுமுன்னா எங்கக்கா எதுக்கு இப்புடி வெட்கங்கெட்டு எழுதி அனுப்பறா?”

“கோபப்படாதீங்கண்ணா. நம்பற மாதிரி பொய் சொன்னா மாட்டிக்குவோமுன்னு, நம்ப முடியாததைச் சொல்றவங்களும் இருக்காங்க.”

பாய் கையைக் காட்டி இரண்டு பேரையும் அமர்த்தினார். “கடுதாசி சுத்தமா இருக்கு. எண்பது செட்டுன்னு அவங்களே சொல்லிட்டாங்க. நாகர்கோவில் பார்ட்டிக்கு எண்பது செட்டு இன்னைக்கே லாரியில போயிரட்டும். கோபிக்காரரு ஊரு பக்கந்தான், இருபது செட்டு அவருக்கு வெள்ளிக்கிழமைன்னு சொல்லிர்றேன். விவரமா எழுதாம ‘பாக்கி விரைவில்’னு எழுதியிருந்தா நான் ரெண்டு பேருக்கும் பதில் சொல்ல முடியாம முழிச்சிருப்பேன்.” என்னைப் பார்த்து, “இறக்குங்க இளங்கோ. தை ஆர்டர் விசயம் அஃப்னான் கையில இருக்குது. வெள்ளிக்கிழமை வரட்டும், பாக்கலாம்,” என்றார்.

ஷெட்டுக்குத் திரும்பி அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த மூன்று வரியையும் சொன்னேன். அன்று சாயங்காலம் டீயை மச்சான் டேபிளுக்குத் தானே எடுத்துப் போய் வைத்தாள். ஆனால் பீரோச் சாவி இடுப்பிலேயே இருந்தது.

திங்கட்கிழமை துணி வந்தது. மச்சான் அதன் பக்கத்திலேயே போகவில்லை, கும்பிடுவதைக்கூட வாசலில் நின்றே கும்பிட்டார். கறைப்பட்ட நானூறு பீஸும் மூலையில் மூட்டையாகக் கிடந்தது. செகண்ட்ஸ் என்று பழுதுச் சரக்கு எடுக்கிற ஆள் வந்து பார்த்துவிட்டு, நெஞ்சில் இவ்வளவு பெரிய பொட்டோடு யார் வாங்குவார்கள் என்று போய்விட்டான். கடைசியில் அக்கா, “கெடந்து எலி கடிக்கறதுக்குப் புள்ளைங்க போட்டுக்கட்டும்,” என்று, ஷெட்டுக்குப் பின்னால் லைன் வீடுகளில் இருக்கும் எங்கள் ஷெட் ஆட்களுக்கும் பக்கத்துக் கம்பெனிகளின் பீகார், ஒடிசாக்காரக் குடும்பங்களுக்கும் வீட்டுக்கு இவ்வளவு என்று கொடுத்துவிட்டாள்.

புதன்கிழமை மதியம். வெட்டி முடித்துப் பாதித் துணி மிஷினில் ஓடிக்கொண்டிருந்தது. சொல்லாமல் கொள்ளாமல் அஃப்னானின் பைக் வந்து நின்றது. நான் வண்டிக்குள் படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்தேன். அவன் நேராக ஷெட்டுக்கு வரவில்லை. ரோட்டிலேயே நின்று எதையோ பார்த்துக்கொண்டிருந்தான்.

பள்ளிக்கூட லீவு அது. லைன் வீட்டுப் பிள்ளைகள் முப்பது நாற்பது பேர் ரோட்டில் ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் மேலும் புது வெள்ளைப் பனியன். நெஞ்சிலோ முதுகிலோ நட்ட நடுவில், உள்ளங்கை அகலத்துக்கு, மஞ்சள் வட்டமும் அதன் நடுவில் சிவப்பும். அவரவர் வீட்டில் சோப்புப் போட்டுத் துவைத்த பனியனில் மட்டும் முழுவதும் சிவப்பு. குட்டிப் பயல் ஒருவன் தொப்பை மேல் பொட்டோடு கீழே ஒன்றும் போடாமல் ஓடினான். பொட்டு வைத்த ஒரு படையே அஃப்னானைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது.

அஃப்னான் ஒரு பையனைப் பிடித்து நிறுத்திப் பனியனின் கழுத்தைத் திருப்பிப் பார்த்தான். அறுபது. இன்னொருவன் கழுத்தைத் திருப்பினான். அறுபத்தைந்து. மூன்றாவதையும் நாலாவதையும் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது அவன் முகம் வேறாக இருந்தது. அவனும் அப்பா மாதிரியே வயிறு குலுங்கச் சிரிக்கிறவன் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்துப் போட்டோ எடுத்து அத்தாவுக்கு அனுப்பினான்.

ஷெட்டுக்குள் வந்தவன் மச்சானைப் பார்த்ததும் மறுபடியும் சிரித்தான். “பூபாலண்ணா, ஒண்ணும் மிச்சம் வெக்காம எல்லாத்துக்கும் வெச்சிருக்கீங்களே!”

“வெச்சதுன்னா ஒழுங்கா வெக்கோணுமல்லங்க தம்பி,” என்றார் மச்சான். அந்த நிலைமையிலும் வேலைச் சுத்தத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

அஃப்னான் அக்கா பக்கம் திரும்பினான். சிரிப்பு போய்விட்டது. “அக்கா, நான் சந்தேகப்பட்டுட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க.”

“வாங்கறவங்க சந்தேகப்படத்தான் செய்வாங்க கண்ணு. மோர் குடிக்கறீங்களா?” என்றாள் அக்கா. அவ்வளவுதான். மோரை ஊற்றிக் கொடுத்துவிட்டு மிஷினுக்குத் திரும்பிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு நாற்பது பெட்டியையும் கடையில் இறக்கினேன். அறுபது இருபது, அறுபத்தைந்து இருபது, கடிதத்தில் எழுதியது அப்படியே. கோபிக்காரர் வண்டி அங்கேயே நின்றிருந்தது, இறக்கியது அப்படியே அதில் ஏறிவிட்டது. பாய் ஒரு கவரை என் கையில் கொடுத்தார். “தங்கச்சி விஜயகுமாரிகிட்டக் குடுங்க. பூபாலன் சத்தமாப் படிக்கோணும்னு சொல்லுங்க.”

மச்சான் ஷெட்டுக்கு நடுவில் நின்று படித்தார். மிஷினையெல்லாம் நிறுத்திவிட்டு எல்லாரும் கேட்டார்கள். தை மாதம் முதல் வருசம் முழுக்க, மாதாமாதம் ஆர்டர், சைஸ் வாரியாகப் பெட்டி எண்ணிக்கை. கீழே நிபந்தனைகள். துணியின் கனமான ஜி.எஸ்.எம்., பேக்கிங், டெலிவரித் தேதி என்று போய்க் கடைசி நிபந்தனைக்கு வந்ததும் மச்சானின் குரல் தடுமாறியது.

“ஏழு. சரக்கைத் தவிர வேறு எதற்கு வேண்டுமானாலும் பொட்டு வைத்துக்கொள்ளலாம்.”

ஷெட்டே சிரித்தது. எங்களிடம் தைக்கிற ஒடிசாக்காரப் பெண்களுக்கு ஒருத்தி அதை மொழிபெயர்த்துச் சொல்ல, அவர்கள் இரண்டாவது தவணை சிரித்தார்கள். மச்சான் தாளைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றார். எனக்கே பாவமாகப் போய்விட்டது. அக்கா உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. குங்குமச் சிமிழைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள்.

“இதுக்கு வெய்ங்க,” என்றாள், ஆர்டர் தாளைக் காட்டி.

மச்சான் சிமிழைத் திறந்தார். விரலைக் குங்குமத்தில் வைத்தார். தாளுக்கு மேலே கொண்டுபோனவர் அப்படியே நிறுத்திக்கொண்டு அவளைப் பார்த்தார். நானூறு பனியனைக் கேட்காமல் கறையாக்கிய மனுசன்.

“எங்கீங்க வெக்கட்டும், அம்மிணி?”

அக்கா அவருடைய விரலைப் பிடித்துத் தாளின் மேல் மூலைக்குக் கொண்டுபோனாள். “இங்க. எழுத்து மேல படாம.”